ஓவர்டைம் பாக்கி கேட்டு முதலாளிக்கு எழுதும் கடிதம்



கடந்த ஜனவரி தொடக்கத்தில் ஒரு நாள், மஃரிப் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது நம் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் வாசலில் நின்றிருந்தார். பக்கத்து ஊரில் ஓர் அசைவ ஓட்டலில் மூன்று வருடமாக சப்ளையர் வேலை. கையில் நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். "பாய், இதை முதலாளிகிட்ட கொடுக்கலாம்னு இருக்கேன். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக் கொடுங்க" என்றார்.

படித்துப் பார்த்தோம். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைக் கொடுத்திருந்தால் வேலையும் போயிருக்கும், பணமும் வந்திருக்காது. மூன்று வருடமாகத் தினமும் நான்கு மணி நேரம் ஓசியில் வேலை வாங்கினீர்கள், என் உழைப்பை உறிஞ்சினீர்கள், குறைந்தது இரண்டு லட்சம் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்.

"தம்பி, தினமும் நான்கு மணி நேரமா?" என்று கேட்டோம். சற்று யோசித்து, "திங்கட்கிழமை கூட்டம் இருக்காது, நேரத்துக்கு விட்டுடுவாங்க. வெள்ளி, சனி, ஞாயிறுதான் பன்னிரண்டு மணி ஆகும்" என்றார். இங்கேதான் கடிதம் சரிகிறது. அவர் ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போன ஒரு திங்கட்கிழமையை முதலாளி எடுத்துக் காட்டினால் போதும். "தினமும்" என்ற ஒரு சொல் பொய்யாகிவிடும். அதோடு மீதி உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

அவர் சொன்ன குறை உண்மையானதுதான். அதை எண்ணிக் காட்ட அவரிடம் அப்போது எதுவும் இல்லை. ஆகவே கடிதத்தை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னோம். அந்த ஒரு மாதத்தில் என்ன செய்தார், பிறகு என்ன எழுதினார் என்பதை அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறோம். ஊர், ஓட்டல், பெயர் எதுவும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஓட்டல் வேலையில் இருக்கிறார்கள். ஓட்டல் நடத்துகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் இது பயன்படும்.

முதலில் நேரத்தை எழுதுவது

ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய பாக்கெட் நோட்டு ஒன்று போதும் என்றோம். ஒவ்வொரு நாளும் மூன்றே விவரம்: வேலை தொடங்கிய மணி, சாப்பாட்டுக்கு விட்ட நேரம், கிளம்பிய மணி. அன்றைய விவரத்தை அன்றே எழுத வேண்டும். ஞாபகத்திலிருந்து ஒரே இரவில் முப்பது நாளையும் எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும். ஒரே பேனா, ஒரே கையோட்டம், ஒரே மணி என்று இருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நாளுக்கு நாள் மாறும் கணக்கைத்தான் நம்புவார்கள். ஓட்டல் வேலையின் இயல்பும் அதுதானே.

நோட்டுக்குத் துணையாக வேறொன்றும் வேண்டும். நாம் எழுதிய நோட்டு நம் வாய்ச்சொல்லைப் போன்றதுதான். தம்பி தினமும் ஓட்டலிலிருந்து கிளம்பும்போது வீட்டம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் "கிளம்பிட்டேன்" என்று அனுப்புவது வழக்கம். அந்தச் செய்தியின் பக்கத்தில் மணி இருக்கிறது. சண்டைக்காகத் தயார் செய்த சாட்சி அல்ல, சாதாரண வாழ்க்கையில் தானாகப் பதிவானது. ஆகவே அதற்கு எடை அதிகம். அவற்றை அழிக்க வேண்டாம் என்றோம். சிலருக்குக் கடைசி பஸ் டிக்கெட் இருக்கும். சில ஓட்டல்களில் விரல் வைக்கும் இயந்திரம் இருக்கும். கல்லாவில் பில் அடிக்கும் இயந்திரத்திலும் கடைசி பில்லின் நேரம் பதிவாகிறது. அது முதலாளியின் கையில் இருக்கும் ஆதாரம். நம் கணக்கு அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை நினைவில் வைத்து எழுதினால் கை தானாகவே நேர்மையாக எழுதும்.

எது ஓவர்டைம்?

உணவு விடுதிகளுக்கென்றே நம் மாநிலத்தில் 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் எல்லை. எல்லையைத் தாண்டிய நேரத்துக்கு வழக்கமான சம்பள விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு தரவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் ஓவர்டைமுக்கு இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்றே சொல்கிறது.

நாள் எல்லை, வார எல்லை என்று இரண்டு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தம்பிக்குப் பேசிய நேரம் பகல் 12 மணி முதல் இரவு 9 மணி வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 48. செவ்வாய் விடுமுறை. ஆறு நாளும் வேலை செய்த வாரத்தில் 48க்கு மேல் போனதை எண்ணினால் போதும். ஆனால் ஒரு நாள் காய்ச்சலில் லீவு போட்டால் வாரக் கணக்கு 48க்குள்ளேயே அடங்கிவிடலாம். அப்போதும் ஏதாவது ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அது ஓவர்டைம்தான். இரண்டு வழியிலும் எண்ணிப் பார்த்து எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டக் கூடாது. கூட்டினால் ஒரே மணி நேரத்துக்கு இருமுறை பணம் கேட்டதாகிவிடும்.

சாப்பாட்டு நேரத்தைக் கழித்தே எழுத வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் இல்லாத நேரம் எப்படி என்று தம்பி கேட்டார். அந்த நேரத்தில் வெளியே போய்வர அனுமதி உண்டா என்று திருப்பிக் கேட்டோம். இல்லை, யூனிபார்மோடு மேசைப் பக்கம் இருக்க வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும் என்றார். அப்படியானால் அது ஓய்வு அல்ல, வேலை நேரம்தான். முதலாளி அதைக் கேட்பார், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றோம்.

ஒரு மாதக் கணக்கு

ஜனவரி 5 திங்கள் முதல் பிப்ரவரி 1 ஞாயிறு வரை நான்கு வாரம் எழுதினார். முதல் வாரத்தை மட்டும் முழுதாகத் தருகிறோம். எல்லா நாளும் பகல் 12 மணிக்குத் தொடக்கம், ஒரு மணி நேரம் சாப்பாடு கழித்த கணக்கு.

ஜனவரி 5, திங்கள்: கிளம்பியது இரவு 9.00. வேலை 8 மணி.
ஜனவரி 6, செவ்வாய்: விடுமுறை.
ஜனவரி 7, புதன்: இரவு 10.30. வேலை 9½ மணி.
ஜனவரி 8, வியாழன்: இரவு 9.00. வேலை 8 மணி.
ஜனவரி 9, வெள்ளி: இரவு 11.30. வேலை 10½ மணி.
ஜனவரி 10, சனி: இரவு 12.00. வேலை 11 மணி.
ஜனவரி 11, ஞாயிறு: இரவு 12.00. வேலை 11 மணி.
வார மொத்தம் 58 மணி. 48க்கு மேல் 10 மணி.

நேரத்துக்குக் கிளம்பிய இரண்டு நாளும் இதில் இருப்பதைப் பாருங்கள். அவற்றை விட்டுவிடாமல் எழுதியதால்தான் மற்ற நாட்கள் நம்பத் தகுந்தவை ஆகின்றன.

பொங்கல் வந்த இரண்டாம் வாரத்தில் 62½ மணி வேலை, ஓவர்டைம் 14½. மூன்றாம் வாரம் 21ஆம் தேதி காய்ச்சல் லீவு. ஐந்து நாளில் 48½ மணிதான். வாரக் கணக்கில் அரை மணி நேரமே ஓவர்டைம். ஆனால் வெள்ளி 10½, சனி 11, ஞாயிறு 11 என்று மூன்று நாளும் 9 மணியைத் தாண்டியதால் நாள் கணக்கில் 5½ மணி வருகிறது. அதையே எடுத்தோம். நான்காம் வாரம் 59½ மணி, ஓவர்டைம் 11½. நான்கு வாரமும் சேர்த்து 41½ மணி நேரம்.

ஜனவரி 26 குடியரசு தினத்தன்றும் வேலை இருந்தது. அந்த விடுமுறைக்குப் பதிலாக வேறொரு நாள் லீவு தருவதாக ஓட்டலில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆகவே விடுமுறைச் சம்பளத்தை இந்தக் கணக்கில் கலக்கவில்லை.

இனி பணம். மாதச் சம்பளம் 15,600 ரூபாய். 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600. எட்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 75. இரண்டு மடங்கு 150. 41½ மணிக்கு 6,225 ரூபாய். இரண்டு லட்சம் என்று தொடங்கியவர் ஆறாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றதும் முகம் வாடிவிட்டது. "தம்பி, அந்த இரண்டு லட்சம் மனசுல இருக்கு. இந்த ஆறாயிரம் கையில இருக்கு" என்றோம். ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொண்டால், அடுத்த மாதம் முதல் கணக்கு தானாக ஓடும். பழைய பாக்கியைப் பற்றிப் பேசவும் அப்போதுதான் வழி பிறக்கும்.

கடிதம்

இதோ அவர் கொடுத்த கடிதம். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. நாள்வாரிக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருந்தார்.

"04.02.2026

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நம் ஓட்டலில் மூன்று வருடமாக சப்ளையராக வேலை செய்து வருகிறேன். என் வேலை நேரம் பகல் 12 முதல் இரவு 9 வரை என்று சேரும்போது பேசியிருந்தோம். மாதச் சம்பளம் ரூ.15,600 ஒழுங்காகக் கிடைத்து வருகிறது.

கூட்டம் உள்ள நாட்களில் மேசை சுத்தம் செய்து முடிக்க இரவு 10.30 முதல் 12 மணி வரை ஆகிறது. 05.01.2026 முதல் 01.02.2026 வரை நான் வேலை தொடங்கிய, முடித்த நேரத்தைத் தினமும் குறித்து வைத்துள்ளேன். சாப்பாட்டு நேரம் கழித்து, கூடுதல் நேரம் முதல் வாரம் 10, இரண்டாம் வாரம் 14½, மூன்றாம் வாரம் 5½, நான்காம் வாரம் 11½, ஆக மொத்தம் 41½ மணி. நாள்வாரிக் கணக்கு இத்துடன் உள்ளது.

இந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் சேர்க்கப்படவில்லை. சட்டப்படி இரண்டு மடங்கு விகிதத்தில், மணிக்கு ரூ.150 வீதம், ரூ.6,225 வருகிறது. பில் இயந்திரத்தோடு என் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்காவது தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

இந்தத் தொகையை பிப்ரவரி மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும்படியும், இனி கூடுதல் நேரத்தை ஒரு பதிவேட்டில் குறிக்க ஏற்பாடு செய்யும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். இதற்கு முந்தைய மாதங்களைப் பற்றித் தங்களை நேரில் பார்த்துப் பேச விரும்புகிறேன். 15.02.2026க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு, தங்கள் ஓட்டல் பணியாளர்."

கையெழுத்தும் முழுப் பெயரும் அடியில் இருந்தன. இதில் ஒரு சொல்லும் முதலாளியைக் குத்தவில்லை. சம்பளம் ஒழுங்காக வருகிறது என்று அவர் செய்த நல்லதையும் சொல்கிறது. அதே நேரத்தில் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எப்போது வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக இருக்கின்றன. பணிவாக எழுதுகிறோம் என்று சிலர் "பார்த்துச் செய்யுங்கள் முதலாளி" என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடித்தால் அது பெருநாள் இனாம் கேட்ட கடிதமாகிவிடும். வேலை செய்த கூலியைக் கேட்கும்போது தொகையைச் சொல்லியே கேட்க வேண்டும்.

"இதற்கு முந்தைய மாதங்கள்" என்ற வரியில் தொகை எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். அதற்குக் குறிப்பு இல்லை, ஆகவே எண் சொல்லவில்லை. ஆனால் அந்த வரியையே விட்டிருந்தால், பழையதை மன்னித்துவிட்டார் என்று பிறகு சொல்ல இடம் கொடுத்ததாகும்.

கொடுத்த விதம்

இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் மேனேஜரிடம் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போட மறுத்தால் முதலாளியின் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்கலாம். கூட்டம் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தோம். கல்லாவில் வாடிக்கையாளர் முன்னால் நீட்டினால் அது அவமானமாகப் படும். அதற்குப் பிறகு கணக்கைப் பற்றிப் பேச்சு வராது, மரியாதையைப் பற்றித்தான் வரும்.

ஆறாம் நாள், தம்பியின் விடுமுறை நாளான செவ்வாயன்று, முதலாளி கூப்பிட்டார். எங்களையும் உடன் வரச் சொன்னதால் ஒருவர் போயிருந்தோம். அவர் முதலில் சொன்னது: "மூணு வேளை சாப்பாடு போடுறேன், அதுக்கு என்ன கணக்கு?" சாப்பாடு வேலைக்குச் சேரும்போதே பேசியது, ஒன்பது மணிக்குக் கிளம்பும் நாளிலும் அதே சாப்பாடுதான் என்று தம்பி மெதுவாகச் சொன்னார். அடுத்து மாலை நேரத்தைப் பற்றிக் கேட்டார். வெங்காயம் உரிப்பதையும் தண்ணீர் பிடிப்பதையும் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

பிறகு பில் இயந்திரத்தின் கணக்கை எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளாகப் பார்த்தார்கள். ஜனவரி 10 சனிக்கிழமை மட்டும் இடித்தது. கடைசி பில் 10.50க்கே முடிந்திருந்தது. தம்பி போனைத் திறந்து பார்த்தார். "கிளம்பிட்டேன்" என்ற செய்தி 11.30க்குப் போயிருந்தது. நோட்டில் தவறாக 12 என்று எழுதியிருக்கிறார். "என் தப்புதான் முதலாளி" என்று உடனே அரை மணி நேரத்தைக் குறைத்தார். 41 மணி, 6,150 ரூபாய். எங்களுக்குத் தெரிந்தவரை, அந்த அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்ததுதான் மீதி 41 மணி நேரத்தையும் முதலாளி ஒப்புக்கொள்ளக் காரணம்.

பிப்ரவரி சம்பளத்தோடு தனி வவுச்சரில் பணம் கிடைத்தது. வவுச்சரில் "எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்று முதலில் எழுதியிருந்தார்கள். தம்பி கையெழுத்துப் போடாமல் எங்களுக்குப் போன் செய்தார். "05.01.2026 முதல் 01.02.2026 வரை ஓவர்டைம்" என்று மாற்றித் தரும்படி மேனேஜரிடம் கேட்கச் சொன்னோம். மாற்றித் தந்தார்கள். எதற்குப் பணம் வாங்குகிறோமோ அதற்கு மட்டுமே கையெழுத்து. வெற்று வவுச்சரில் ஒருபோதும் போடக் கூடாது. இப்போது கல்லாப் பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்குகிறது. பழைய மாதங்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை. பேச்சு நடக்கிறது.

பதில் வராவிட்டால்?

எல்லா முதலாளியும் இப்படி இருக்கமாட்டார்கள். குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால், அதே கடிதத்தின் பிரதி, கணக்குத் தாள், பெற்றுக்கொண்டதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி பாக்கி கேட்க மூன்று வருட அவகாசம் உண்டு. சம்பளம் தரவில்லை என்று கோரிக்கை வந்தால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனாலும் இத்தனை மணி நேரம் வேலை செய்தேன் என்று முதலில் சொல்ல வேண்டியவர் தொழிலாளிதான். அதற்கு அந்தப் பாக்கெட் நோட்டு வேண்டும்.

ஓட்டல் நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டு தருவதும் பதிவேடு வைப்பதும் உங்கள் சட்டக் கடமை. அது உங்களுக்கும் பாதுகாப்பு. பதிவேடு இருந்திருந்தால் ஜனவரி 10ஆம் தேதியின் அரை மணி நேரத்துக்காக ஒரு மாதக் கணக்கைத் தேட வேண்டியிருந்திருக்காது. தவணை சொல்லிக் கொடுக்கும் கடனை எழுதி வையுங்கள், சிறிதானாலும் பெரிதானாலும் சலிக்காதீர்கள் என்ற கருத்து அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் வருவது நமக்குத் தெரியும். மாதக் கடைசியில் தருவதாகச் சொல்லி இன்று வாங்கும் உழைப்பும் ஒரு கடன்தான்.

இப்படிக் கடிதம் எழுத உதவி தேவைப்படுபவர்கள் நோட்டோடு வாருங்கள். நோட்டு இல்லாதவர்கள் இன்று இரவு கிளம்பும் மணியிலிருந்து எழுதத் தொடங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து வாருங்கள். மஃரிபுக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்